வேகமாக ஓடுகிற சரக்கிலும் பணம் முடங்குமா?

கீல்பெட்டி · ஜூன் 3, இரவு 10:20

கதவு, ஜன்னல் சாமான் கடை. 410 ஐட்டம். போன 12 மாத பில்களை எக்ஸெலில் இறக்கி, எது எத்தனை போனது என்று பார்த்து வேகம், நடுத்தரம், மந்தம் என்று மூன்றாகப் பிரித்தேன். கையில் காசு நிற்கவே மாட்டேன் என்கிறது, கடையில் மட்டும் சரக்கு நிரம்பி வழிகிறது. மந்தமாகப் போகிறவற்றைக் கண்டுபிடித்து ஒழித்தால் முடங்கின பணம் வெளியே வந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஆனால் பட்டியல் விசித்திரமாக இருக்கிறது. முதல் இடத்தில் ஸ்க்ரூ. 40,000-க்கு மேல் போயிருக்கிறது. டோர் லாக் செட் வருஷத்துக்கு 46 தான் போயிருப்பதால் மந்தத்தில் விழுந்துவிட்டது. டோர் லாக்கை நிறுத்தினால் கடையையே மூட வேண்டியதுதான். எங்கே தப்பு செய்தேன்?

நேர்வழி · ஜூன் 3, இரவு 10:48

தப்பே இல்லை அண்ணே. 20 சதவீத சரக்குதான் 80 சதவீத வியாபாரத்தைத் தரும், பல கடையிலும் ஏறக்குறைய இதேதான். மீதியைத் தள்ளுபடி போட்டுத் தள்ளிவிடுங்க. நான் அப்படித்தான் ரெண்டு தடவை கடையைக் காலி பண்ணி எடுத்தேன். லாக்கை மட்டும் விட்டுடுங்க.

பழைய ஸ்டோர்ஸ் · ஜூன் 4, காலை 6:15

எண்ணிக்கையில் பிரித்ததுதான் தப்பு. ஒரு ஸ்க்ரூவையும் ஒரு லாக்கையும் ஒரே தராசில் வைத்துவிட்டீர்கள். விற்ற எண்ணிக்கையை வாங்கின விலையால் பெருக்குங்கள். விற்ற விலை வேண்டாம், அதில் உங்கள் லாபமும் சேர்ந்திருக்கும். முடங்கியிருப்பது நீங்கள் போட்ட காசுதானே. பெருக்கி வந்த தொகையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தத்தில் 70 சதவீதம் வருகிற இடத்தில் ஒரு கோடு, 90-ஐத் தாண்டினதும் இன்னொரு கோடு.

ஆனால் அதோடு நிறுத்தினால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. இந்தத் தரம் பிரிக்கிற முறையை 1951-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த ஃபோர்ட் டிக்கி எழுதி வைத்தபோது, அது எந்தச் சரக்கின் மேல் எவ்வளவு கவனம் வைப்பது என்பதற்கான வழி. எது எவ்வளவு புழங்குகிறது என்பதை அது சொல்லும். எது எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் இன்றைய இருப்பின் மதிப்பைப் போடுங்கள். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

வெள்ளைமாத்திரை · ஜூன் 4, காலை 9:02

நாங்க மெடிக்கல். வேகமா போறதைக் கைக்கு எட்டுற தட்டில், மந்தமானதை மேல் தட்டில் வைக்கிறோம். காலாவதி தேதி முன்னால வர்றதை முன்னால வைக்கணும். இதுல மதிப்பு எதுக்கு?

கீல்பெட்டி · ஜூன் 4, பகல் 1:30

வெள்ளைமாத்திரை, நீங்கள் சொல்வது தட்டில் அடுக்குகிற விஷயம். நான் கேட்பது காசு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று. என் சரக்கில் காலாவதி இல்லை, அதனால்தான் எவ்வளவு வருஷம் கிடந்தாலும் யாருக்கும் உறைப்பதில்லை.

பழைய ஸ்டோர்ஸ் சொன்னபடி இன்று ராத்திரி செய்கிறேன்.

கீல்பெட்டி · ஜூன் 4, இரவு 11:55

முடித்துவிட்டேன். உண்மைத் தொகையை இங்கே போட விருப்பமில்லை. அதனால் கடையின் மொத்த இருப்பை 1000 என்று வைத்துச் சொல்கிறேன். அதே அளவில் ஒரு வருஷத்தில் விற்றது, வாங்கின விலையில், 3000.

வேகம்: 60 ஐட்டம். வருஷ விற்பனை 2100. இருப்பு 420.
நடுத்தரம்: 110 ஐட்டம். விற்பனை 660. இருப்பு 330.
மந்தம்: 240 ஐட்டம். விற்பனை 240. இருப்பு 250.

டோர் லாக் நேராக முதல் பத்துக்குள் ஏறிவிட்டது. ஸ்க்ரூ வகை எல்லாம் சேர்த்தும் இருப்பு வெறும் 9. இத்தனை நாள் ஸ்க்ரூ டப்பாக்களை எண்ணுவதிலேயே ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன்.

மந்தத்தில் 250 என்பது கால்வாசிதான். முக்கால்வாசிப் பணம் ஓடுகிற சரக்கிலேயே இருக்கிறது. அப்படியென்றால் முடங்கியிருப்பது எது?

பழைய ஸ்டோர்ஸ் · ஜூன் 5, காலை 6:05

இருப்பெல்லாம் முடக்கம் ஆகாது. விற்பதற்குத் தேவையான இருப்பு வேலை செய்கிற பணம். தேவைக்கு மேலே இருப்பதுதான் முடங்கின பணம். ஒவ்வொன்றும் எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று பாருங்கள். வேகம்: மாதம் 175 போகிறது, இருப்பு 420, ரெண்டரை மாதத்துக்குச் சற்றுக் குறைவு. நடுத்தரம்: மாதம் 55, இருப்பு 330, ஆறு மாதம். மந்தம்: மாதம் 20, இருப்பு 250, பன்னிரண்டரை மாதம்.

இப்போது உங்கள் சப்ளையர் எத்தனை நாளில் சரக்கு தருவார், ஒவ்வொரு வகைக்கும் எத்தனை மாத இருப்பு இருந்தால் போதும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அது வெளியிலிருந்து நான் சொல்லக் கூடியதல்ல.

கீல்பெட்டி · ஜூன் 5, இரவு 9:40

சப்ளையர் வண்டி 15 நாளுக்கு ஒரு தடவை வரும், நடுவில் ஒன்றிரண்டு தடவை தவறும். வேகத்துக்கு ஒன்றரை மாதம், நடுத்தரத்துக்கு ரெண்டு, மந்தத்துக்கு நாலு மாதம் என்று வைத்தேன்.

வேகத்தில் தேவை 262, அதிகம் 158. நடுத்தரத்தில் தேவை 110, அதிகம் 220. மந்தத்தில் தேவை 80, அதிகம் 170.

நம்பவே முடியவில்லை. ஒன்றுக்கு நாலு தடவை சரிபார்த்தேன். அதிகமாக முடங்கியிருப்பது நடுத்தரத்தில். நான் ஒரு நாளும் திரும்பிப் பார்க்காத பட்டியல் அது. வேகமானது தீர்ந்தால் ஆள் கேட்பார், அதனால் தெரியும். மந்தமானது கிடப்பது கண்ணில் படும். நடுவில் இருப்பது மெதுவாக விற்றுக்கொண்டே இருக்கிறது, அதனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேர்வழி · ஜூன் 5, இரவு 10:10

ஆக மந்தத்தைத் தள்ளிவிடச் சொன்ன என் யோசனை வீண்?

கீல்பெட்டி · ஜூன் 5, இரவு 10:31

முழுசா வீண் இல்லை. 240-இல் 31 ஐட்டம் 12 மாதத்தில் ஒன்றுகூடப் போகவில்லை, அதில் இருப்பு 48. அதற்கு நீங்கள் சொன்ன தள்ளுபடிதான் சரி, அடுத்த வாரம் வெளியே எடுத்து வைக்கிறேன். மீதி 209-இல் ஐட்டம் ஒன்றுக்குச் சராசரியாக ஒன்றுக்கும் குறைவான மதிப்பே இருக்கிறது. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து யோசிக்கிற நேரத்துக்கு அது தகாது.

பழைய ஸ்டோர்ஸ் · ஜூன் 6, காலை 5:50

ஒரு திருத்தம், நான் நேற்றே சொல்லியிருக்க வேண்டும். வகையாக மொத்தமாகக் கழித்தால் ஏமாறுவீர்கள். ஒரு ஐட்டத்தில் அதிகமும் இன்னொன்றில் பற்றாக்குறையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். காலியான தட்டு, நிரம்பிய தட்டை மறைத்துவிடும். வரிவரியாகக் கணக்கிட்டு, அதிகத்தைத் தனியாகவும் குறைவைத் தனியாகவும் கூட்டுங்கள்.

கீல்பெட்டி · ஜூன் 6, இரவு 11:15

செய்தாயிற்று. யாருக்காவது வேண்டுமென்றால்: D-இல் வருஷ விற்பனை மதிப்பு, E-இல் இன்றைய இருப்பு மதிப்பு, F-இல் எத்தனை மாதம் தேவை என்பது. முதல் வரி அதிகம், அடுத்தது பற்றாக்குறை.

```
=MAX(0, E2-D2/12*F2)
=MAX(0, D2/12*F2-E2)
```

வேகத்தில் அதிகம் 158 என்றது பொய்யாகிவிட்டது. உண்மையில் 210 அதிகம், 52 பற்றாக்குறை. நடுத்தரத்தில் 236 அதிகம், 16 பற்றாக்குறை. மந்தத்தில் 173-உம் 3-உம்.

வேகத்தில் 52 பற்றாக்குறை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. போன மாதம் மூணு ஆள் நீளத் தாழ்ப்பாள் கேட்டு இல்லாமல் திரும்பினார்கள். அதற்குக் காசு இல்லை என்று நான் சொன்ன அதே நாளில் 600-க்கு மேல் மதிப்பு சும்மா கிடந்திருக்கிறது.

துணிமடிப்பு · ஜூன் 7, மாலை 4:20

எங்க கடைல ஒரு சட்டை மாடல் பேய் ஓட்டம் ஓடும், ஆனா கடைசில மிஞ்சுறது எல்லாம் ரொம்பச் சின்ன அளவும் ரொம்பப் பெரிய அளவும்தான். மாடலா பாத்தா வேகம், அளவா பாத்தா பாதி செத்த சரக்கு. உங்க கடைல அளவு, நிறம் எல்லாம் ஒரே கோட் நம்பர்ல போட்டு வச்சிருக்கீங்களா?

கீல்பெட்டி · ஜூன் 7, இரவு 8:05

ஆமாம். ஒரு மாடலுக்கு ஒரே கோட் நம்பர்தான். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. பார்த்துவிட்டு வருகிறேன்.

கீல்பெட்டி · ஜூன் 8, இரவு 12:40

நீளமாக எழுதப்போகிறேன். இதற்காகத்தான் இந்த இழையையே ஆரம்பித்தேனோ என்று தோன்றுகிறது.

நடுத்தரத்தில் அதிகமாக இருக்கிற 236-இல் 156 வெறும் ஒன்பது ஐட்டத்தில் இருக்கிறது. அந்த ஒன்பதின் இருப்பு 180, மாத விற்பனை 12. பதினைந்து மாதத்துக்குக் காணும். அதில் மேலே நிற்பது ஒரு கதவுக் கைப்பிடி. 210 எண்ணம். மாதம் ஆறு போகிறது, அதாவது 35 மாத சரக்கு.

மாதம் ஆறு விற்கிற சாமானை 210 யார் வாங்குவார்கள்? யாரும் ஒரே தடவையில் வாங்கவில்லை. பரணில் ஏறி ஒவ்வொரு பெட்டியாக இறக்கி எண்ணினேன். கருப்பு 6. மங்கல் வெள்ளி 84. தங்க நிறம் 120. தங்க நிறத்தில் கீழ் வரிசைப் பெட்டிகளின் அட்டை மஞ்சளாகி, ஒட்டிய டேப் தொட்டதும் உரிந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை.

பில் புத்தகத்தில் நிறத்தை எழுதியிருந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது. கருப்பு மாதம் நாலு போகிறது. மங்கல் வெள்ளி ஒன்றரை. தங்கம் ரெண்டு மாதத்துக்கு ஒன்று. சப்ளையர் 12 கொண்ட பெட்டியாகத் தருவார், மூன்று நிறமும் நாலு நாலாக. கருப்பு தீர்ந்ததும் பையன் கூப்பிட்டுச் சொல்வான், நான் ஒரு பெட்டி ஆர்டர் போடுவேன். நாலு கருப்பு விற்க, எட்டு மற்ற நிறம் உள்ளே வரும். அதில் ரெண்டுதான் போகும், ஆறு பரணில் ஏறும். மாதம் ஆறு, 35 மாதம், 210. கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது. அந்தக் கைப்பிடியை நான் வாங்க ஆரம்பித்ததே மூணு வருஷம் முன்னால்தான்.

கருப்புக்கு என் இருப்பு ஒன்றரை மாதம், நான் வைத்த ரெண்டு மாதத்துக்கும் குறைவு. தங்கத்துக்கு 240 மாதம், இருபது வருஷம். ரெண்டையும் சேர்த்து ஒரே வரியில் பார்த்ததில் நடுத்தரம் என்று வந்திருக்கிறது.

சப்ளையரைக் கேட்டேன். கருப்பை லூஸாகத் தருவார், ஒன்றுக்கு 8 சதவீதம் கூட. இந்த 8 சதவீதத்துக்காகத்தான் முன்பு வேண்டாம் என்றேன். ஒரு கைப்பிடியின் பெட்டி விலை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி எடுத்தால் பன்னிரண்டுக்கு மாதம் 12 பங்கு காசு போகிறது. லூஸாக நாலு எடுத்தால் 4.32 பங்கு. மங்கல் வெள்ளியும் தங்கமும் கையிலேயே இருக்கின்றன. 8 சதவீதம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மாதா மாதம் ஏழரைப் பங்குக்கு மேல் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

துணிமடிப்பு · ஜூன் 8, காலை 9:15

நான் சும்மா கேட்டேன். 120 தங்கக் கைப்பிடியா! எங்ககிட்டயும் கலப்புக் கட்டு வரும், பெரிய அளவு கட்டாயம் ஒண்ணு உள்ளே இருக்கும். இன்னைக்கே எண்ணப் போறேன்.

பழைய ஸ்டோர்ஸ் · ஜூன் 8, பகல் 2:30

அந்தக் கைப்பிடிக்கு வருஷத்தில் வாங்கினது 144, விற்றது 72. எல்லா ஐட்டத்துக்கும் வாங்கினதையும் விற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருப்பு ஏற்கெனவே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். இது இனிமேல் எங்கே ஏறப்போகிறது என்பதைக் காட்டும்.

மந்தத்தில் இன்னொன்று. 173 அதிகம் என்பதை அப்படியே நம்ப வேண்டாம். மூணு மாதத்துக்கு ஒன்று விற்கிற பொருளுக்கு நாலு மாதத் தேவை ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். கையில் ரெண்டு இருந்தாலே கணக்கு மூன்றில் ரெண்டு பங்கு அதிகம் என்று காட்டும். மூன்றில் ரெண்டு பங்கு பூட்டை யாரிடம் விற்பீர்கள்? அந்த வகைக்கு மாதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒன்று இருந்தால் போதுமா, ரெண்டு வேண்டுமா என்று எண்ணிக்கையில் முடிவு செய்யுங்கள்.

கீல்பெட்டி · ஜூன் 9, இரவு 10:50

எண்ணிக்கையில் மாற்றிப் பார்த்தேன், 173 என்பது 121 ஆகிவிட்டது. ஆக என் மந்த முடக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கணக்கு முறையால் வந்த மாயை.

அதே பட்டியலில் இன்னொரு தப்பும் கிடைத்தது. ஒரு ஜன்னல் கொக்கி, வருஷத்தில் 9 தான் போயிருக்கிறது, மந்தம் என்று எழுதியிருந்தேன். வாங்கின பில்லைத் தேடினால் எட்டு மாதம் கடையில் இருப்பே இல்லை. இருந்த நாலு மாதத்தில் ஒன்பதும் போயிருக்கிறது. 12-ஆல் வகுத்தது தப்பு, 4-ஆல் வகுக்க வேண்டும். மாதம் ரெண்டேகால். இல்லாத சரக்கை மந்தம் என்று தண்டித்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எத்தனை மாதம் கையிருப்பு இருந்தது என்று ஒரு கட்டம் சேர்க்கிறேன். பழைய மாதங்களுக்கு அது கிடைப்பது கஷ்டம், வாங்கின பில்லையும் விற்ற பில்லையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நேர்வழி · ஜூன் 9, இரவு 11:20

இதே மாதிரி மறுபக்கமும் உண்டு. எங்கிட்ட ஒரு கட்டடக்காரர் ஒரே நாளில் 300 கீல் எடுத்துட்டுப் போனார். வருஷக் கணக்கில் அந்தக் கீல் ராஜா மாதிரி நின்னுச்சு, நானும் நம்பி 400 வாங்கினேன். இன்னைக்கும் 380 இருக்கு. ஒத்தைப் பெரிய பில்லை எடுத்துட்டுப் பாக்கணும்னு அப்ப யாரும் சொல்லலை.

கீல்பெட்டி · ஜூன் 10, காலை 7:10

இதை நீங்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம், தள்ளுபடியைவிட இது எவ்வளவோ பெரிய விஷயம். மனசாரச் சொல்கிறேன். வேகப் பட்டியலில் அப்படி நாலு ஐட்டம் கிடைத்தது. ரெண்டு நடுத்தரத்துக்கு இறங்கின.

வெள்ளைமாத்திரை · ஜூன் 10, மாலை 6:45

நான் கேட்டது வேறன்னு இப்ப புரியுது. ஆனா எங்களுக்கு ஒரு கேள்வி. சரக்கை 60 நாள் கடனுக்கு எடுக்குறேன், 40 நாளில் வித்துடுறேன். அப்ப முடங்கியிருக்கிறது யார் பணம்?

பழைய ஸ்டோர்ஸ் · ஜூன் 11, காலை 6:20

அறுபது நாள் வரைக்கும் உங்கள் காசு இல்லை, அது உண்மை. ஆனால் 61-ஆம் நாளும் தட்டில் இருப்பது உங்கள் காசு. அதனால் கடன் கெடுவைத் தாண்டி நிற்கிற இருப்பைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கீல்பெட்டி · ஜூன் 11, இரவு 9:30

இதில் பெரியவர் சொன்னதோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. கடனில் எடுத்த சரக்காக இருந்தாலும், அந்த சப்ளையரிடம் எனக்கு ஒரு வரம்பு இருக்கிறது. வரம்பு தங்கக் கைப்பிடியில் தீர்ந்துவிட்டால் நீளத் தாழ்ப்பாளுக்கு இடமில்லை. என் காசு போகவில்லை என்றாலும் என் வாய்ப்பு போகிறது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

கீல்பெட்டி · ஆகஸ்ட் 18, இரவு 10:05

பத்து வாரம் கழித்து வருகிறேன். அந்த ஒன்பது ஐட்டத்தில் புது ஆர்டர் ஒன்றும் போடவில்லை. 180 இருந்தது இப்போது 130. இதில் 28 விற்றது, 22 சப்ளையர் வேறு சரக்குக்கு மாற்றிக்கொண்டார். வாங்கி ரெண்டு வருஷத்துக்குள் உள்ள, பெட்டி உடையாததை மட்டும் எடுத்தார். வந்த காசில் முதல் வேலையாக நீளத் தாழ்ப்பாள் வாங்கினேன், இந்த மாதம் ஒரு ஆளும் திரும்பவில்லை.

ஓட்டமே இல்லாத 31 ஐட்டத்தைத் தள்ளுபடியில் வெளியே வைத்தேன். 19 போய்விட்டது. மீதி 12-ஐ எடுக்க ஆளில்லை.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கோட் நம்பர் போட்டுவிட்டேன். 410 ஐட்டம் இப்போது 588. மூன்று பட்டியலையும் திரும்ப முதலிலிருந்து பிரிக்க வேண்டும், கோடுகள் எங்கே விழும் என்று தெரியவில்லை.

துணிமடிப்பு · ஆகஸ்ட் 19, காலை 10:40

தங்கக் கைப்பிடி?

கீல்பெட்டி · ஆகஸ்ட் 19, பகல் 12:15

சப்ளையர் 36 எடுத்துக்கொண்டார். கடையில் ஒன்று போனது. 83 இருக்கிறது.